ஒரே பொட்டு, இரண்டு நிறம்: மெலனோசைட் எண்ணிக்கையில் நாங்கள் தடுமாறிய ஒரு நிகழ்வு

காரைக்குடிப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து வந்த அக்கா தங்கை இருவரின் சிகிச்சைப் பதிவு இது. இருவரின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன். நோய் அரிதானதல்ல. கறுத்த தோலில் நிறச் செல் அதிகம், சிவந்த தோலில் குறைவு என்ற நம்பிக்கை ஒரு குடும்பத்தின் பேச்சிலிருந்து எங்கள் சிகிச்சைத் திட்டத்துக்குள்ளும், பிறகு ஆய்வக அறிக்கைக்குள்ளும் எப்படி நுழைந்தது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பின்னணி

அக்காவுக்கு 36 வயது, நல்ல கறுப்பு. தங்கைக்கு 31, ஊர்ப் பேச்சில் "செவப்பு". அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருப்பவர்கள். இருவரும் பல ஆண்டுகளாக ஸ்டிக்கர் பொட்டுதான் வைத்துக்கொள்கிறார்கள். திருவிழாக் கடையில் மாமியார் மொத்தமாக வாங்கி வைக்கும் அட்டையிலிருந்து இருவரும் எடுப்பார்கள். இரவில் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டி, காலையில் அதையே மறுபடி நெற்றிக்கு எடுப்பதும் உண்டு.

ஓர் ஆடி மாதம் அக்கா மட்டும் வந்தார். பொட்டு வைக்கும் இடத்தில் ஏறத்தாழ 1.2 சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக வெளுத்திருந்தது. கூட வந்த மாமியாரின் பயம் குஷ்டத்தைப் பற்றியது. பஞ்சு நுனியால் தொட்டதையும் ஊசி முனையின் கூர்மையையும் அக்கா சரியாகச் சொன்னார். நரம்புத் தடிப்பு எங்கும் இல்லை. அந்தப் பயத்தை அன்றே அனுப்பிவைத்தோம்.

தங்கை வந்தது அக்காவுக்குத் துணையாக. "உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டபோது இல்லை என்றார். அறையின் விளக்கை அணைத்து, புற ஊதாக் கதிர் வீசும் வுட்ஸ் விளக்கை அக்காவின் நெற்றியில் காட்டியபோது, பக்கத்தில் நின்ற தங்கையின் நெற்றியிலும் ஒரு வட்டம் சுண்ணாம்பு அடித்ததுபோல ஒளிர்ந்தது. அகலம் 1 சென்டிமீட்டர். சாதாரண வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அக்காவுக்கு எத்தனை மாதமாக இருந்ததோ, அநேகமாக அத்தனை மாதமாகத் தங்கைக்கும் இருந்திருக்கும்.

முதல் கணிப்பும் முதல் சிகிச்சையும்

வட்டம் பொட்டின் அளவுக்கு இருந்தது, வேறெங்கும் வெளுப்பு இல்லை, ஒரே அட்டையைப் பயன்படுத்திய இருவருக்கும் வந்திருந்தது. பொட்டின் பசையால் வந்த நிறமிழப்பு என்று முடிவு செய்ய இவை போதுமானவை. இவ்வகைப் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் கட்டுப்படாமல் தங்கியிருப்பதும், அது நெற்றியை வெளுக்கச் செய்வதும் 1990-லேயே நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்த செய்தி. பொருளைத் தோலில் ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்யவில்லை. இது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, நேரடி நச்சு. சோதனை எதிர்மறையாகவே வரலாம், சோதித்த இடமும் வெளுத்துப்போகலாம்.

அந்த நச்சு வேலை செய்யும் விதம் இந்தப் பதிவு முழுவதற்கும் தேவைப்படும். மெலனோசைட் என்பது மேல்தோலின் அடிவரிசையில் உட்கார்ந்து மெலனின் என்ற நிறமியைத் தயாரிக்கும் செல். டைரோசின் என்ற அமினோ அமிலம் அதன் மூலப்பொருள், டைரோசினேஸ் என்ற நொதி அதன் கருவி. பசையிலுள்ள ஃபீனாலுக்கு டைரோசினின் முகச்சாயல் இருக்கிறது. நொதி ஏமாந்து அதையும் எடுத்து வேலை செய்ய, உள்ளுக்குள்ளேயே நச்சுப்பொருள் உருவாகி அந்தச் செல்லைக் கொல்கிறது. பக்கத்திலிருக்கும் சாதாரணத் தோல் செல்களிடம் அந்த நொதி இல்லாததால் அவை தப்பிக்கின்றன. தோல் முழுசாக இருக்க, நிறம் மட்டும் போய்விடுவது இதனால்தான்.

பொட்டை நிறுத்தி, 0.1 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பை இரு வேளையும் தடவச் சொன்னோம். இதிலேயே பலருக்கு நிறம் திரும்பிவிடும். முடிவேர்களில் பதுங்கியிருக்கும் இளம் மெலனோசைட்டுகள் மேலேறி வந்து புள்ளி புள்ளியாக நிரப்பும். இவர்கள் இருவருக்கும் ஓரத்தில் கொஞ்சம் சுருங்கியதோடு நின்றுவிட்டது. 14 மாதம் பார்த்தோம். வட்டம் பெரிதாகவும் இல்லை, வேறிடத்தில் புதிதாக வரவும் இல்லை. ஓராண்டுக்கு மேல் நிலையாக இருந்ததால், செல் ஒட்டு செய்யலாம் என்று இருவரிடமும் சொன்னோம்.

திட்டத்தில் நுழைந்த பிழை

ஒட்டு முறை சுருக்கமாக இது. தொடையின் வெளிப்பக்கத்தில் மெல்லிய மேல்தோலைச் சீவி எடுத்து, டிரிப்சின் கரைசலில் 37 டிகிரியில் ஏறக்குறைய 50 நிமிடம் ஊற வைத்தால் செல்கள் தனித்தனியாகப் பிரியும். மெலனோசைட்டும், கெரட்டினோசைட் என்ற சாதாரணத் தோல் செல்லும் கலந்த அந்தக் கூழை, லேசாகச் சுரண்டிய வெள்ளைத் திட்டில் பரப்பி, கொலாஜன் தாளால் மூடி ஒரு வாரம் கட்டி வைக்க வேண்டும்.

எவ்வளவு தோல் எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது மாமியார் சொன்னார்: "சின்னவளுக்கு நெறம் பத்தாது டாக்டரம்மா. தொடையிலருந்து கொஞ்சம் கூடவே எடுத்துக்கங்க. பெரியவளுக்குத்தான் கொட்டிக் கெடக்கே."

நான் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். பதில் சொல்லியிருக்க வேண்டும். என்னுடன் பணிபுரியும் இளம் மருத்துவர் எழுதிய திட்டத்தாளை மறுநாள் பார்த்தேன்: அக்காவுக்கு 1 சதுர சென்டிமீட்டர், தங்கைக்கு 2. காரணம் கேட்டேன். "அவங்க ஸ்கின் ஃபேர் மேடம், மெலனோசைட் கம்மியா இருக்கும்னு" என்றார். தேர்வில் கேட்டிருந்தால் அவர் சரியான பதிலைத்தான் எழுதியிருப்பார். கையில் பேனா இருக்கும்போது கண் பார்த்த நிறமே முடிவெடுத்துவிட்டது.

எண்ணிக்கை ஒன்று என்றால் என்ன பொருள்

அன்று மாலை அவரோடு உட்கார்ந்து பேசியதை இங்கே கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

அடிவரிசையில் ஏறத்தாழ பத்து செல்லுக்கு ஒன்று மெலனோசைட். ஒவ்வொன்றும் கிளைகளை நீட்டிச் சுற்றியுள்ள சுமார் 36 கெரட்டினோசைட்டுகளுக்கு நிறமியை விநியோகிக்கிறது. ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், நம்மவர் என யாருடைய தோலை எடுத்தாலும், உடலின் ஒரே இடத்தை ஒப்பிட்டால் இந்த விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஜார்ஜ் சாபோவும் அவருக்கு முன்பின் வந்தவர்களும் 1950-களிலிருந்து தோல் தாள்களைப் பிரித்து எண்ணிக் காட்டியது இது. ஒரே இடம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே ஆளின் முகத்தில் இருக்கும் அடர்த்தி அவருடைய தொடையில் இருக்காது. இரண்டு மனிதர்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைவிட ஒரே மனிதரின் நெற்றிக்கும் தொடைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. நாள்பட்ட வெயில் எண்ணிக்கையைக் கூட்டும், வயது குறைக்கும். கறுப்பும் சிவப்பும் இந்த வரிசையில் சேராது.

அப்படியானால் நிறம் எங்கிருந்து வருகிறது? மெலனோசைட் தயாரிக்கும் நிறமி பொடியாகக் கொட்டிக் கிடப்பதில்லை. மெலனோசோம் என்ற நுண்ணிய பொதிகளில் அடைத்துத்தான் அண்டைச் செல்களுக்கு அனுப்பப்படுகிறது. கறுத்த தோலில் பொதி பெரிது, நிறமி நிறைய ஏறியது. அண்டைச் செல்லுக்குள் போனதும் தனித்தனியாகப் பிரிந்து செல் முழுக்கப் பரவுகிறது. சிவந்த தோலில் பொதி சிறிது, நிறமி குறைவு. நாலைந்து சேர்ந்து ஒரே உறைக்குள் கொத்தாகக் கட்டிக்கொள்கின்றன. அடுத்த வேறுபாடு மேல் அடுக்குகளில். சிவந்த தோலின் செல்கள் மேலேற மேலேற அந்தக் கொத்துகள் செரித்துக் கரைந்துவிடும். கறுத்த தோலில் பெரிய பொதிகள் எளிதில் கரையாமல் தோலின் கடைசி மெல்லடுக்குவரை போகின்றன. சாபோவின் குழு பொதிகளின் இந்தப் போக்கை 1969-ல் வெளியிட்டது. நம் ஊர்த் தோலில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும், தனிப்பொதியும் உண்டு, கொத்தும் உண்டு.

இளம் மருத்துவருக்கு எள்ளை வைத்துச் சொன்னேன். ஒரு தட்டு வெள்ளை மாவில் ஒரு கை எள்ளைத் தூவினால் தட்டே கறுத்துத் தெரியும். அதே எள்ளை நாலு உருண்டையாகப் பிடித்து வைத்தால் மாவின் வெள்ளைதான் கண்ணில் படும். தூவிய கை இரண்டிலும் ஒன்றுதான். உவமை பாதி தூரம்தான் வரும். உண்மையில் கறுத்த தோலின் எள் பெரிதும்கூட, அளவும் அதிகம். செல் ஒன்றுக்கு உற்பத்தி கூடுதல் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தக் கூடுதல் வருவது ஆள் சேர்த்ததால் அல்ல. அதே ஆட்களின் தறி வேகமாக ஓடுவதால். டைரோசினேஸின் இருப்பில் பெரிய வித்தியாசம் இல்லாமலே அதன் செயல்வேகம் பல மடங்கு மாறுபடுகிறது. பொதிக்குள் இருக்கும் அமிலத்தன்மை கூடினால் நொதி மந்தமாகும்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் எப்படி இவ்வளவு மாறுபடுகிறார்கள் என்று குடும்பம் கேட்டதற்கும் பதில் இந்தப் பொதியிலேயே இருக்கிறது. `SLC24A5` என்ற மரபணு நிறமிப் பொதி உருவாவதற்குத் தேவையான அயனிப் போக்குவரத்தைக் கவனிக்கும் புரதத்தைத் தருகிறது. வரிக்குதிரை மீன் ஒன்றின் வெளிறிய கோடுகளிலிருந்து 2005-ல் இதைப் பிடித்தார்கள். அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் பொதி சிறுத்து வெளிறுகிறது. தென்னாசியாவில் மாறிய வடிவமும் மாறாத வடிவமும் பரவலாகக் கலந்து கிடப்பதை 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. அப்பா, அம்மா இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தால், ஒரு பிள்ளைக்கு மாறியது இரண்டும், இன்னொன்றுக்கு மாறாதது இரண்டும் போகலாம். நிறத்துக்கு வேறு மரபணுக்களும் உண்டு. எங்கள் நோயாளிகளின் மரபணுவை நாங்கள் சோதிக்கவில்லை, சிகிச்சைக்கு அது தேவையும் இல்லை.

இதன் நேர்விளைவு ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியது. ஒட்டுக்கு நாம் எடுப்பது செல்களை, நிறத்தை அல்ல. இருவரின் தொடையிலும் சதுர சென்டிமீட்டருக்குச் செல் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே திட்டு அளவைப் பார்த்து எடுக்க வேண்டும், நிறத்தைப் பார்த்தல்ல. முகத்தில் திட்டின் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்றாலும், அவ்வளவு சிறிய துண்டில் செல்கள் குழாயிலும் தட்டிலுமே ஒட்டிப்போய்விடும் என்பதால் இருவருக்கும் 1 சதுர சென்டிமீட்டர் என்று மாற்றினோம். வெட்டிய துண்டின் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய கீற்றை, இருவரின் சம்மதத்தோடு, செல் எண்ணிக்கைக்காக ஆய்வகத்துக்கு அனுப்பினோம். எனக்குத் தெரிந்ததை இளம் மருத்துவர் கண்ணால் பார்க்கட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

புரட்டாசியில் ஒரே நாளில் இருவருக்கும் ஒட்டு முடிந்தது.

அறிக்கை

ஒன்பதாம் நாள் அறிக்கை வந்தது. மெலனோசைட்டைக் காட்டும் மெலன்-ஏ சாயத்தில், அடிவரிசையின் 100 செல்லுக்கு அக்காவிடம் 26 மெலனோசைட், தங்கையிடம் 10.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. ஒரு மாலை முழுக்கப் பேசியது இந்த ஒரு தாளில் பொய்யாகிவிட்டதுபோல் தோன்றியது. இளம் மருத்துவர் நாகரிகமாக ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் வாரம் இருவரும் வந்தார்கள். அக்காவின் திட்டில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. தங்கையின் நெற்றியில் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. மாமியார் என்னைப் பார்த்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல."

இப்போது எங்கள் முன் இரண்டு வழி இருந்தது. தங்கைக்குச் செல் குறைவாகப் போயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, தொடையின் மறுபக்கத்தில் இரட்டை அளவு எடுத்து மீண்டும் ஒட்டலாம். அல்லது காத்திருக்கலாம். குடும்பம் முதலாவதையே விரும்பியது. தங்கை மட்டும், தொடைப் புண் ஆறியது போதும் என்றார்.

நான் காத்திருக்கலாம் என்றேன். காரணம் பிடிவாதம் மட்டுமல்ல. வெயில் படாத தொடையில், முப்பதுகளில் இருக்கும் ஒருவருக்கு 100-க்கு 26 என்பதே நம்ப முடியாத எண். தங்கையின் எண்ணில் குறையே இல்லை, புத்தகம் சொல்லும் 10 அப்படியே இருக்கிறது. அறிக்கையில் தவறு இருந்தால் அது அக்காவின் எண்ணில்தான் இருக்க வேண்டும். அறிக்கையை அப்படியே ஏற்றாலும் தங்கைக்கு ஒட்டியது போதிய செல்தான். மறு அறுவைக்கு அதில் எந்த நியாயமும் இல்லை. இந்த எளிய கணக்கை ஒன்பதாம் நாளே போட்டிருக்க வேண்டும். இரண்டு எண்ணும் பக்கத்தில் இருந்ததால், ஒன்றோடொன்றை ஒப்பிட்டேனே தவிர, எதனோடும் ஒப்பிடவில்லை.

கண்ணாடித் தகடுகளை வரவழைத்தது

தகடுகளை வரவழைத்து நுண்ணோக்கியில் வைத்த முதல் நிமிடத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மெலன்-ஏ செல்லின் உடலைச் சாயமேற்றும். அந்தச் சாயத்தைக் கண்ணுக்குக் காட்ட ஆய்வகம் வழக்கமாகச் சேர்ப்பது பழுப்பு நிறப் பொருள். மெலனினின் இயற்கை நிறமும் பழுப்பு. தங்கையின் தகட்டில் வெளிறிய அடிவரிசையில் சாயமேறிய செல்கள் மட்டும் பளிச்சென்று தனித்து நின்றன. அக்காவின் தகட்டிலோ மெலனோசைட்டும் பழுப்பு, அதனிடமிருந்து பொதிகளை வாங்கி நிரப்பிக்கொண்ட அண்டைக் கெரட்டினோசைட்டும் பழுப்பு. எண்ணியவர் வாங்கியவர்களையும் கொடுத்தவர்களாக எண்ணிவிட்டார். கிளைகளின் வெட்டுமுகத்தையும் சிலவிடத்தில் தனிச் செல்லாகச் சேர்த்திருந்தார்.

வேறு வார்த்தையில் சொன்னால், எண்ணிக்கையில் வந்த வித்தியாசம் உண்மையில் பொதிகளின் அளவிலும் பரவலிலும் இருந்த வித்தியாசம். மாமியாரின் கண்ணை ஏமாற்றிய அதே பொருள்தான் நுண்ணோக்கிக்கு அடியிலும் ஏமாற்றியது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சாயத்தைச் செல்லில் பிடிக்கவைக்கும் எதிர்ப்பொருளைச் சேர்க்காமல் அதே தோலின் இன்னொரு தகட்டைச் செய்து பக்கத்தில் வைக்க வேண்டும். அதிலும் பழுப்பு தெரிந்தால் அது சாயமல்ல, சொந்த நிறமி. அந்த ஒப்பீட்டுத் தகடு செய்யப்படவில்லை. நாங்களும் கேட்கவில்லை. விண்ணப்பத் தாளில் தோல் நிறத்தைக்கூட நான் எழுதியிருக்கவில்லை.

மீதமிருந்த மெழுகுக் கட்டியில் மறுபடி வெட்டி, இம்முறை `SOX10` சாயத்தைச் சிவப்பு நிறங்காட்டியோடு போடச் சொன்னோம். அந்தப் புரதம் மெலனோசைட்டின் உட்கருவில் இருப்பது. நிறமியோ உட்கருவுக்கு வெளியே. இடமும் வேறு, நிறமும் வேறு என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. இளம் மருத்துவரும் நானும் தனித்தனியாக, யாருடைய தகடு என்ற சீட்டை மறைத்து எண்ணினோம். ஃபார்மலினில் தோல் சுருங்கும் என்பதால் மில்லிமீட்டருக்கு எண்ணாமல் 100 அடிவரிசைச் செல்லுக்கு எண்ணினோம். அக்காவுக்கு அவர் 11, நான் 10. தங்கைக்கு அவர் 10, நான் 9.

பெயரை மறைத்தும் எந்தத் தகடு யாருடையது என்று இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அந்த அளவுக்கு நிறமி வேறு. எண்ணிக்கை மட்டும் அதைக் காட்டவில்லை.

நிறமியை மட்டும் கறுப்பாகக் காட்டும் ஃபான்டனா மேசன் சாயமும் போட்டுப் பார்த்தோம். எண்ணெய் விட்டுப் பார்க்கும் பெரிய லென்ஸில் அக்காவின் தோல் அடியிலிருந்து மேல்வரை மிளகுத்தூள் தூவியதுபோல் இருந்தது. தங்கையின் தோலில் அடிவரிசையில் மட்டும் சிறு கட்டிகள், இரண்டு மூன்று அடுக்கு மேலே போனால் ஏதுமில்லை. ஒரு கட்டிக்குள் எத்தனை பொதி என்பதைச் சாதாரண நுண்ணோக்கி காட்டாது. அரை மைக்ரான் அளவுப் பொருள் அதன் பார்வையின் விளிம்பில் இருப்பது. அதற்கு மின்னணு நுண்ணோக்கி வேண்டும், அந்த வசதி எங்களுக்கு இல்லை.

இடையில் நடந்தது

தகடுகள் திரும்பி வருவதற்குள் ஆறாம் வாரம் ஆகிவிட்டது. தங்கையை அழைத்து, இம்முறை வுட்ஸ் விளக்கில் பார்த்தோம். சுண்ணாம்பு வட்டம் உடைந்திருந்தது. உள்ளே மங்கலாக ஏழெட்டு இடங்களில் ஒளிர்வு இல்லை. நிறம் வந்துகொண்டுதான் இருந்தது. சுற்றியுள்ள தோலே வெளிறியதாக இருந்ததால், அந்தச் சிறு நிறம் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குப் படவில்லை. முதல் நாள் அவருடைய வெளுப்பே கண்ணுக்குத் தப்பியிருந்தது. ஒரே காரணம் இரண்டு முறை எங்களை ஏமாற்றியிருக்கிறது. நான்காம் வாரமே விளக்கை எடுத்திருந்தால் அந்த இரண்டு வாரக் கவலை இல்லாமல் போயிருக்கும்.

மாமியாரையும் விளக்கறைக்குள் கூட்டிப் போனேன். "ஆச்சி, இந்த வெள்ளையில நடுநடுவே இருட்டா தெரியுது பாருங்க. அதுதான் புது நெறம்." அவர் பார்த்தார். "அப்ப செவப்பா இருக்கவளுக்கும் உள்ளுக்குள்ள அதே சரக்குதானா?" என்றார். சரக்கு ஒன்றே, கட்டும் மூட்டைதான் சின்னது என்றேன். கடை வைத்த குடும்பத்துக்கு அது புரிந்தது என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து அவருடைய அடுத்த கேள்வி வந்தது, நான் எதிர்பார்த்ததுதான். பெரியவளைச் சிவப்பாக்க மருந்து உண்டா? செல்லைக் கொல்வது நிறத்தைக் குறைப்பதாகாது என்பதற்கு அவர் வீட்டிலேயே சான்று இருந்தது. இரு மருமகள்களின் நெற்றியிலும் இருந்த வட்டம் அதுதான். சிவந்த தோல் என்பது கறுத்த தோலிலிருந்து செல்லைக் கழித்தது அல்ல. செல்லைக் கழித்தால் கிடைப்பது சிவப்பு அல்ல, சுண்ணாம்பு வெள்ளை. இதைப் பெரிய அளவில் ஜப்பான் பார்த்தது. மெலனின் உற்பத்தியை மட்டும் குறைக்கும் என்று சேர்க்கப்பட்ட ரோடோடென்ட்ரால் என்ற பொருள், டைரோசினேஸின் கையில் நச்சாக மாறி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் திட்டுத் திட்டாக வெளுப்பை உண்டாக்கியது. 2013-ல் அந்த அழகுப் பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள். பொட்டுப் பசையின் கதையும் அதன் கதையும் வேதியியலில் பங்காளிகள். அவரிடம் ஜப்பானைப் பற்றிப் பேசவில்லை. அக்காவின் நெற்றியைக் காட்டி, "இப்படித்தான் ஆகும் ஆச்சி" என்றேன். அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விளைவு

நான்காம் மாதம், தை கடைசியில், இருவரின் திட்டும் பெரும்பாலும் நிரம்பிவிட்டது. தங்கைக்கு ஏறக்குறைய முழுதும், அக்காவுக்கு ஒரு நூல் விளிம்பு தவிர. அக்காவின் ஒட்டு இடம் சுற்றுத் தோலைவிட ஒரு படி கறுத்து வந்தது. இது வழக்கம்தான், கறுத்த தோலில் கூடுதலாகத் தெரியும். எட்டாம் மாதத்தில் வித்தியாசம் மங்கிவிட்டது. தங்கைக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. இருவரின் தொடையிலும் எடுத்த இடம் லேசான நிற மாற்றத்தோடு ஆறியது. அக்காவுக்கு அது இன்னும் கொஞ்சம் தெரிகிறது.

தொடையின் செல்லை நெற்றியில் வைத்தாலும் நெற்றியின் நிறமே வருவதைக் குடும்பம் வியந்தது. மெலனோசைட் பொதியைக் கொடுத்தாலும், அதை எப்படி அடுக்குவது என்பதை வாங்கும் செல்லும் சேர்ந்து தீர்மானிக்கிறது. 2001-ல் வெளியான ஒரு வளர்ப்புத் தட்டு ஆய்வில், ஒரே பொதியைக் கறுத்த தோலின் கெரட்டினோசைட்டுகள் தனித்தனியாகப் பரப்பின, சிவந்த தோலுடையவை கொத்தாகக் கட்டின. எங்கள் கூழில் இரண்டு வகைச் செல்லும் கலந்துதான் போகின்றன. சுற்றிலுமிருந்து நெற்றியின் சொந்தச் செல்களும் உள்ளே வளர்கின்றன. வெயிலும் சேர்கிறது. நிறம் ஒத்துப்போவதில் இவை ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்று இந்த இரண்டு நெற்றிகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

நாங்கள் மாற்றியவை

திட்டத்தாளில் எடுக்கும் தோலின் அளவுக்குப் பக்கத்தில் இப்போது திட்டின் பரப்பு மட்டுமே எழுதப்படுகிறது. முன்பு அங்கே தோல் நிறத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதை எடுத்து ஆய்வக விண்ணப்பத்துக்கு மாற்றினோம், அங்கேதான் அது தேவைப்படுகிறது. கூடவே, சிவப்பு நிறங்காட்டி, உட்கருச் சாயம், எதிர்ப்பொருள் சேர்க்காத ஒப்பீட்டுத் தகடு ஆகிய மூன்றும் கேட்கிறோம். அந்த ஆய்வகத்தோடு பேசியபோது அவர்கள் மறுக்கவில்லை. கறுத்த தோலில் கட்டி பார்க்கும்போதும் இதே சிக்கலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். செலவு கூடுகிறது, எல்லோருக்கும் கேட்பதில்லை.

ஒட்டு செய்த சிவந்த தோல்காரர்களை நான்காம் வாரத்திலேயே வுட்ஸ் விளக்கில் படமெடுக்கிறோம். நிறம் வரவில்லை என்று சொல்வதற்கு முன் அந்தப் படத்தைப் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம்.

சென்ற செவ்வாய்ப் பொங்கல் கழிந்து இருவரும் கடைசியாக வந்தார்கள். வெளுப்பு திரும்பவில்லை. இருவர் நெற்றியிலும் விரலால் இட்ட குங்குமம் இருந்தது. ஸ்டிக்கர் அட்டைகளை மாமியார் எறியவில்லையாம், கொலுப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாராம். பேத்திகள் கையில் அது போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.